ஒரே கடிதத்தில் மூன்று சுப்பிரமணியங்கள்

திருச்சியில் உள்ள ஒரு சிறு இலக்கிய வட்டம் மாலைக் கருத்தரங்கு ஒன்றை நடத்தப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பேச வருபவர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ஒருவர். கனடாவில் இருக்கும் வாசகர்களும் இணையம் வழியாகக் கேட்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மூன்று நாட்டு நண்பர்களுக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சலாக அழைப்பு போகிறது. அதன் வாசகம் இது:

“வரும் 07.06.2026 மாலை 6.30 மணிக்குத் திருச்சியில் நடைபெறும் கருத்தரங்கில் பேராசிரியர் க. சுப்பிரமணியம் கலந்துகொண்டு சிறப்புரை ஆற்றுகிறார். ஆனி 7ஆம் திகதி நடைபெறும் இந்நிகழ்வுக்கு ஈழத்து வாசகர்களையும் அன்புடன் அழைக்கிறோம். ரொறன்ரோ நண்பர்கள் 6/7/2026 காலை 9 மணிக்கு இணையவழியில் கலந்து கொள்ளலாம். டொரண்டோ ஒருங்கிணைப்புக்கு இராமலிங்கத்தைத் தொடர்புகொள்ளவும். திரு. கே. சுப்ரமணியன் அவர்களின் பயண ஏற்பாடுகளை ராமலிங்கம் கவனித்துக்கொள்கிறார். பயணச்சீட்டுக்கான பெயர்: Subramaniyam K.”

கடிதமும் அதில் வரும் ஆட்களும் கற்பனை. ஆனால் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், பழைய மாணவர் குழுக்கள் அனுப்பும் அழைப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதில் உள்ள எந்தப் பிசிறும் புதிதாக இருக்காது. தேதி மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. பேச்சாளர் பெயரும் மூன்று விதம். ஊர்ப் பெயர் இரண்டு விதம். தொடர்பாளர் ஒரு வரியில் இராமலிங்கமாகவும் அடுத்த வரியில் ராமலிங்கமாகவும் இருக்கிறார். இரண்டு பேரோ என்று ஐயம் வருகிறது. ‘கலந்துகொண்டு’ என்று சேர்த்து எழுதிய கை, ‘கலந்து கொள்ளலாம்’ என்று பிரித்தும் எழுதியிருக்கிறது.

எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஒருவர் எழுதவில்லை, நாலு பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். முதல் வாக்கியம் திருச்சி அமைப்பாளருடையது. ஆனி 7 யாழ்ப்பாண நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. மூன்றாவது வாக்கியம் கனடாவிலிருந்து வந்தது. கடைசிப் பகுதியைச் செல்பேசியில் யாரோ ஒரு தொண்டர் தட்டியிருக்கிறார். அனுப்பியவர் எல்லாவற்றையும் எடுத்து ஒட்டினார், ஒருமுறை படித்தார், அனுப்பிவிட்டார். படிக்கும்போது கண்ணில் எதுவும் உறுத்தவில்லை. விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், எழுத்தைப் பார்க்காமல் அர்த்தத்தைப் படித்துக்கொண்டே போயிருக்கிறார்.

இந்தப் பிசிறுகளை எல்லாம் ‘ஒரே சீராக எழுதவில்லை’ என்று ஒரே தலைப்பில் போட்டுவிடலாம். ஆனால் திருத்த உட்கார்ந்தால் மூன்றையும் ஒரே விதமாகத் திருத்த முடியாது என்று தெரியவரும். எழுத்துமுறை அனுப்புபவர் முடிவு செய்ய வேண்டியது. தேதி வடிவத்தைப் படிப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். பெயரின் எழுத்தை முடிவு செய்யும் உரிமை அந்தப் பெயருக்கு உரியவருக்கு மட்டுமே உண்டு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சீராக்கப் போனால், கடிதம் முன்பைவிட மோசமாகிவிடும்.

அனுப்புபவர் முடிவு செய்வது

தமிழில் ஒரே சொல்லைப் பல விதமாக எழுதும் வழக்கம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பிழையும் அல்ல. ர, ல ஆகியவை சொல்லுக்கு முதலில் வராது என்பது பழைய இலக்கண விதி. அதன்படி எழுதுபவர்கள் இராமன், இலட்சியம் என்பார்கள். பத்திரிகைத் தமிழில் பழகியவர்கள் ராமன், லட்சியம் என்பார்கள். ஜனவரியைச் சனவரி என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழில் ஒக்டோபர், அவுஸ்திரேலியா, ஜேர்மனி, திகதி ஆகியவை இயல்பான வழக்கு. தமிழகத்தில் அவையே அக்டோபர், ஆஸ்திரேலியா, ஜெர்மனி, தேதி. ஆங்கிலத்தின் ட ஒலியை ரகர றகரங்களால் எழுதும் இலங்கை வழக்கில் விளைந்ததுதான் ரொறன்ரோ. தமிழக வாசகர் அதைப் பார்த்ததும் எழுத்துப்பிழை என்று நினைக்கிறார். கனடாத் தமிழர் டொரண்டோ என்பதைப் பார்த்து அதையேதான் நினைக்கிறார்.

இதில் எது சரி என்று வாதாடுவதால் கடிதத்துக்கு ஒரு பயனும் இல்லை. அனுப்பும் அமைப்பு எந்த ஊர் வழக்கில் எழுதுகிறதோ, கடிதம் முழுவதும் அந்த வழக்கில் இருந்தால் போதும். திருச்சியிலிருந்து போகும் கடிதம் தேதி, டொரண்டோ என்றே எழுதலாம். கனடா நண்பர் வருத்தப்பட மாட்டார். ஒரே கடிதத்தில் இரண்டும் வந்தால்தான் ‘இது யார் எழுதியது’ என்ற கேள்வி எழுகிறது.

ஐயம் வரும் இடங்களில் ஓர் அகராதியை நடுவராக வைத்துக்கொள்வது பதிப்பகங்களின் வழக்கம். 1992இல் வெளிவந்து பிறகு திருத்தி விரிக்கப்பட்ட ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ பல எடிட்டர்களின் மேசையில் இருப்பது இதற்காகத்தான். சேர்த்து எழுதுவதா, பிரிப்பதா, எந்த ரகரம் என்பதை அகராதியிடம் விட்டுவிட்டால் ஒரே கேள்விக்கு இரண்டு முறை மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த அகராதியின் பெயரே இன்னொரு விஷயத்தையும் காட்டுகிறது. மெய்யெழுத்து தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. ஆனால் க்ரியா அந்தப் பதிப்பகத்தின் பெயர். இலக்கண முறைப்படிதான் எழுதுவேன் என்று முடிவு செய்தவர்கூட அதைக் ‘கிரியா’ என்று மாற்ற முடியாது. எழுத்துமுறையை முடிவு செய்யும் அனுப்புநரின் அதிகாரம், பெயர் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது.

ஆங்கில மின்னஞ்சலிலும் இதே கதைதான். நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி வழியாக color, center போன்ற வடிவங்கள் அமெரிக்காவில் நிலைபெற்றன. பிரிட்டனும் இந்தியாவும் colour, centre என்று எழுதுகின்றன. பிரிட்டிஷ் முறையைத் தேர்ந்தெடுத்தவர் labour என்று எழுதுவார். ஆனால் ஆஸ்திரேலியாவின் தொழிற்கட்சி 1912 முதல் தன் பெயரை Australian Labor Party என்றே எழுதுகிறது. அந்த நாட்டுப் பொது வழக்கு labour என்றாலும் கட்சிப் பெயரில் u சேர்க்கக் கூடாது. எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. அமெரிக்க முறையில் எழுதும் கடிதத்திலும் ஐ.நா.வின் தொழிலாளர் அமைப்பு International Labour Organization என்றே வரவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு முறையைப் பின்பற்றும் அந்தப் பெயரில் பிரிட்டிஷ் u ஒரு சொல்லிலும், அமெரிக்கருடையது என்று பலரும் நினைக்கும் z அடுத்த சொல்லிலும் இருக்கின்றன. பிழைதிருத்தி அடிக்கோடிட்டாலும் அதை அப்படியே விட வேண்டும்.

படிப்பவரை வைத்து முடிவு செய்வது

தேதியில் கதை வேறு. 07.06.2026 என்று கடிதம் முழுக்க ஒரே சீராக எழுதியிருந்தாலும் சிக்கல் தீராது. திருச்சியில் அது ஜூன் 7. அமெரிக்க வழக்கில் மாதம் முதலில் வரும் என்பதால் அங்கே அது ஜூலை 6. கனடாவில் நாள் முதலில், மாதம் முதலில், ஆண்டு முதலில் என்று மூன்று வடிவங்களும் புழக்கத்தில் உள்ளன. அழைப்பை ஜூலை 6 என்று படித்தவருக்கு, கூட்டம் நடந்து முடிந்து ஒரு மாதம் ஆன பிறகே உண்மை தெரியும்.

நம் மாதிரிக் கடிதத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 07.06.2026 என்று இந்திய வரிசையும் 6/7/2026 என்று அமெரிக்க வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் குறிப்பது ஒரே நாளைத்தான். ஆனால் எந்த நாட்டுக்காரர் படித்தாலும், அவருக்கு அவை இரண்டு வெவ்வேறு நாட்கள்.

எல்லாத் தேதியிலும் இந்த ஆபத்து இல்லை. 15/06/2026 என்றால் பதினைந்தாம் மாதம் கிடையாது என்பதால் யாரும் குழம்ப மாட்டார்கள். மாதத்தின் முதல் 12 நாட்கள்தான் சிக்கலானவை. 12 மாதங்களுக்கு அவை 144 நாட்கள். அவற்றில் ஜனவரி 1, பிப்ரவரி 2 என்று நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் 12 நாட்களைத் தள்ளினால், ஆண்டில் 132 நாட்களை இரு விதமாகப் படிக்க முடியும். பல மாதங்கள் எந்தக் குழப்பமும் வராமல் ஓடியிருக்கும். அந்தத் தைரியத்தில் எண்ணாகவே எழுதிப் பழகிவிடுகிறோம்.

மின்னஞ்சலோடு எக்செல் பட்டியல் இணைத்தால் குழப்பம் மறைவாக நடக்கும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், 07/06/2026 என்று தட்டியதும் அது சத்தமில்லாமல் ஜூலை 6 ஆகப் பதிவாகிவிடும். அடுத்த வரியில் 15/06/2026 என்று தட்டினால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. எக்செல் தேதி என்று ஏற்றுக்கொண்டவற்றைக் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிறுத்தும். எழுத்து என்று எடுத்துக்கொண்டவற்றை இடப்பக்கம் ஒட்டி நிறுத்தும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலமும் சில இடமும் ஒதுங்கியிருந்தால், வலப்பக்கம் இருப்பவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தமிழ் மாதப் பெயரில் இன்னொரு பொறி இருக்கிறது. தமிழகத்தில் ஆனி என்றால் பஞ்சாங்க மாதம். பெரும்பாலும் ஜூன் 15 அன்று பிறக்கும். ஈழத்துத் தமிழர்களிடம் ஆங்கில மாதங்களையே தை, மாசி, பங்குனி என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. ஜனவரி தை ஆகும். ஜூன் ஆனி, ஜூலை ஆடி. 1983 ஜூலை வன்முறையை ஆடிக் கலவரம் என்று சொல்வது இந்த வழக்கில்தான். ஆகவே யாழ்ப்பாண நண்பர் எழுதிய ஆனி 7 என்பது ஜூன் 7. அதைத் திருச்சியில் நாட்காட்டியைப் புரட்டிப் படிப்பவருக்கு ஜூன் 21 வாக்கில் வரும்.

எண்ணைத் தவிர்த்து, மாதத்தை எழுத்தால் எழுதுவதுதான் இதற்கெல்லாம் தீர்வு. 2026 ஜூன் 7 என்றோ 7 ஜூன் 2026 என்றோ எழுதினால் எந்த நாட்டிலும் ஒரே பொருள்தான். கூடவே கிழமையையும் சேர்த்துவிட்டால் தேதியைச் சரிபார்க்க ஒரு துணை கிடைக்கும். 2026 ஜூன் 7 ஞாயிற்றுக்கிழமை. ஜூலை 6 திங்கட்கிழமை. எண்ணை மாற்றிப் படித்தவருக்குக் கிழமை இடிக்கும், கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆனால் ஆனிக் குழப்பத்தைக் கிழமையால் பிடிக்க முடியாது. ஜூன் 7க்கும் 21க்கும் சரியாக இரண்டு வாரம் என்பதால் இரண்டும் ஞாயிறுதான். மாதத்தின் பெயரையே மாற்றினால்தான் அது தீரும்.

கோப்புப் பெயருக்கும் பட்டியலுக்கும் எண் வடிவம் தேவைப்பட்டால் 2026-06-07 என்று ஆண்டை முதலில் எழுதுவது நல்லது. 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் சொல்லும் வரிசை அது. இப்படிப் பெயரிட்ட கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அடுக்கப்பட்டுவிடும் என்பது கூடுதல் வசதி. ஆனால் அழைப்பின் வாசகத்தில் அது வறட்டுத்தனமாகத் தெரியும். கடித உடலில் ஒரு வடிவம், கோப்புப் பெயரில் ஒரு வடிவம் என்று வைத்துக்கொள்வது சீரின்மை ஆகாது. ஒரே இடத்தில் இரண்டு வடிவங்கள் கலந்தால்தான் சீரின்மை.

நேரத்தையும் தேதியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஜூன் மாதத்தில் டொரண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். திருச்சியின் ஞாயிறு மாலை 6.30 அங்கே ஞாயிறு காலை 9. கூட்டம் இங்கே காலை 7 மணிக்கு என்றால் அங்கே சனிக்கிழமை இரவு 9.30 ஆகியிருக்கும், தேதியே மாறிவிடும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் அங்கே கணக்கு வேண்டாம்.

உரியவர் மட்டுமே முடிவு செய்வது

பேராசிரியரின் பெயர் ஏன் மாறியது? அவர் தமிழில் எழுதுவது க. சுப்பிரமணியம் என்று. அந்த க. அவருடைய தந்தை கந்தையாவைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அது K. Subramaniam ஆனது. செல்பேசியில் ஆங்கில வடிவத்தைப் பார்த்த தொண்டர் அதை மறுபடி தமிழாக்கினார். K என்பது ‘கே’ ஆயிற்று. விசைப்பலகை முதலில் காட்டிய பரிந்துரையைத் தொட்டார். பெயர் ‘சுப்ரமணியன்’ ஆயிற்று. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பும் பெயருக்குப் பெரும்பாலும் இந்தக் கதிதான். ஆங்கில n என்ற ஓர் எழுத்துக்கு எதிரே நம்மிடம் ந, ண, ன மூன்றும் இருக்கின்றன. L என்பதற்கு எதிரே ல, ள இரண்டும். Valli என்று படித்தவர் வள்ளியா வல்லியா என்று ஊகிக்கத்தான் முடியும்.

முன்னெழுத்தைத் தமிழில் எழுதுவது பற்றித் தமிழக அரசு 2021இல் ஓர் ஆணையே பிறப்பித்தது. பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அரசு அலுவலகத்துக்கு அது சரி. ஆனால் கே. என்று தன் பெயரை நூல் அட்டையில் போட்டுக்கொண்ட எழுத்தாளரின் பெயரை அழைப்பிதழில் க. என்று மாற்றும் உரிமை அழைப்பவருக்கு இல்லை. இராமன், இராசன் என்று எழுதுவதைக் கொள்கையாக வைத்திருக்கும் அமைப்புகூட, கி. ராஜநாராயணனை இராசநாராயணன் ஆக்கினால் அது அவர் பெயராகாது. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அச்சிட்ட வடிவம் சாமிநாதையர். அதைச் சுவாமிநாத ஐயர் என்று விரிப்பது நம் விருப்பமாக இருக்கக் கூடாது.

அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுத வேண்டும் என்பதுதான் விதி. தெரியாவிட்டால் கேட்க வேண்டும். கேட்க முடியாவிட்டால் அவருடைய நூலின் தலைப்புப் பக்கத்தையோ அவரே அனுப்பிய கடிதத்தின் கையொப்பத்தையோ பார்க்க வேண்டும். வேறு யாரோ எழுதிய செய்தியையோ தொலைபேசியில் பதிந்து வைத்த பெயரையோ சான்றாகக் கொள்ளக் கூடாது. மின்னஞ்சல் பெட்டியில் தெரியும் பெயர்கூட, பல நேரங்களில் நாமே முன்பு எப்போதோ நம் தொடர்புப் பட்டியலில் தட்டி வைத்ததாக இருக்கும்.

பயணச்சீட்டு என்று வந்துவிட்டால் அவர் சொல்வதுகூடப் போதாது. கடவுச்சீட்டு சொல்வதுதான் கணக்கு. கடவுச்சீட்டின் படம் உள்ள பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 குறிகள். ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், கோணக்குறி ஆகியவை மட்டுமே அவற்றில் வரும். நம் பேராசிரியருடையதில் பெயர்ப் பகுதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
SUBRAMANIAM<<KANDIAH
```

இரட்டைக் கோணக்குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர் என்று பதிவானது; பின்னால் இருப்பது இடுபெயர். நம் வழக்கில் கந்தையா தந்தையின் பெயர் என்றாலும் விமான நிறுவனம் அதைக் கேட்காது. மாதிரிக் கடிதத்தில் இருக்கும் Subramaniyam K என்பதில் கூடுதலாக ஒரு y இருக்கிறது; கந்தையா முழுதாக இல்லை. அதை வைத்துச் சீட்டு எடுத்தால் விமான நிலையத்தில் பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்தப்படும் அபாயம் உண்டு. ஆகவே ஒரே கடிதத்தில் அவருக்குத் தமிழில் ஒரு வடிவம், சீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு வடிவம் என்று இரண்டு வடிவங்கள் இருக்கலாம். மூன்றாவது ஒன்றுக்கு இடமில்லை.

தேடிப் பிடிப்பது எப்படி

கண்ணால் படித்து இவற்றைப் பிடிப்பது கடினம். கணினியின் தேடும் வசதியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் தமிழில் அதற்கும் ஒரு நுணுக்கம் வேண்டும்.

‘சுப்பிரமணியம்’ என்று முழுப் பெயரைத் தேடினால் ‘சுப்பிரமணியத்தின்’ என்ற இடம் அகப்படாது. வேற்றுமை ஏறியதும் கடைசி மகரம் மறைந்துவிடுகிறது. ‘சுப்ரமணியன்’ என்ற தவறான வடிவமும் அகப்படாது. தேட வேண்டியது எல்லா வடிவத்துக்கும் பொதுவான துண்டை. இங்கே அது ‘சுப்’. Ctrl+F அழுத்தி ‘சுப்’ என்று கொடுத்தால், கடிதத்தில் எப்படி எழுதியிருந்தாலும் எல்லாச் சுப்பிரமணியங்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். இராமலிங்கத்துக்கு ‘லிங்க’ என்று தேடலாம்.

ஸ்ரீ வரும் பெயர்களில் இன்னொரு தந்திரம் தேவை. யூனிகோடில் ‘ஶ’ என்ற எழுத்து 2005இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்பு ஸ்ரீயை ‘ஸ’வை வைத்துத்தான் தட்டினார்கள், இன்றும் பல விசைப்பலகைகள் அப்படியே தருகின்றன. ஆகவே ஸ்ரீ, ஶ்ரீ என்று இரண்டு வகை ஓடுகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது வராமல் போகும். இரண்டு பேர் தட்டிய பட்டியலில் ஸ்ரீனிவாசனைத் தேடி ‘இல்லை’ என்று வந்தால் அவசரப்படாமல் ‘வாச’ என்று தேடிப் பார்ப்பது நல்லது.

தேதிக்கு இரண்டு தேடல்கள் போதும். ஆண்டைத் தேடினால் முழுத் தேதிகள் எல்லாம் கிடைக்கும். பிறகு சாய்கோட்டைத் தேடினால், வெளியிலிருந்து ஒட்டியபோது ஒளிந்து வந்த 6/7 போன்றவை வெளிப்படும். மாதப் பெயர்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடும் வசதியைத் தமிழில் நம்பக் கூடாது. லட்சுமியை இலட்சுமி ஆக்கலாம் என்று அந்தப் பொத்தானை அழுத்தினால், விஜயலட்சுமி ‘விஜயஇலட்சுமி’ ஆவார். ஏற்கெனவே இலட்சுமி என்று இருந்த இடம் ‘இஇலட்சுமி’ ஆகும். ஒவ்வோர் இடமாக நின்று, பார்த்து, மாற்றுவதுதான் வழி. ஒரு மின்னஞ்சலில் அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இந்தத் தேடலுக்கு முன்பாகவே வேலையைப் பாதியாகக் குறைக்கவும் ஒரு வழி இருக்கிறது. வரைவின் தலையில் நாலு வரி எழுதிக்கொண்டு தொடங்குவார்கள் எடிட்டர்கள். அனுப்புவதற்கு முன் அதை அழித்துவிடுவார்கள். நம் கடிதத்துக்கு அது இப்படி இருக்கும்: தேதி – 2026 ஜூன் 7, ஞாயிறு. பேச்சாளர் – க. சுப்பிரமணியம். தொடர்பாளர் – ராமலிங்கம். ஊர் – டொரண்டோ. பிறர் அனுப்பிய வாக்கியங்களை ஒட்டியதும் இந்த நாலு வரியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பொருள் வரியையும் இணைப்பின் கோப்புப் பெயரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பலர் கடித உடலைத் திருத்திவிட்டு அவற்றை மறந்துவிடுகிறார்கள்.

அப்படிச் செய்தால் மேலே பார்த்த அழைப்பு இவ்வாறு அமையும்:

“2026 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை மாலை 6.30 மணிக்குத் திருச்சியில் நடைபெறும் கருத்தரங்கில் பேராசிரியர் க. சுப்பிரமணியம் கலந்துகொண்டு சிறப்புரை ஆற்றுகிறார். தமிழக, ஈழத்து வாசகர்கள் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம். டொரண்டோ நண்பர்கள் அதே ஞாயிறு அங்குள்ள நேரப்படி காலை 9 மணிக்கு இணையவழியில் கலந்துகொள்ளலாம். அங்குள்ள ஒருங்கிணைப்பையும் பேராசிரியரின் பயண ஏற்பாட்டையும் ராமலிங்கம் கவனித்துக்கொள்கிறார்.”

தேதி ஒரே முறைதான் வருகிறது. இரண்டாவது முறை வர வேண்டிய இடத்தில் ‘அதே ஞாயிறு’ போதுமானதாக இருக்கிறது. ஒரு தகவலை எத்தனை முறை எழுதுகிறோமோ அத்தனை முறை அது மாறிப்போக வாய்ப்பு உண்டு. பயணச்சீட்டுக்கான பெயர் இங்கே இல்லை. அது ராமலிங்கத்துக்குத் தனியாக, கடவுச்சீட்டுப் பக்கத்தின் படத்தோடு போக வேண்டியது. நூறு பேர் படிக்கும் அழைப்பில் அதற்கு வேலை இல்லை.

கடிதம் போன பிறகு தவறு தெரியவந்தால்? எழுத்துமுறைப் பிசிறு என்றால் விட்டுவிடலாம். அதற்காக இன்னொரு கடிதம் போட்டால் படிப்பவருக்குத்தான் தொந்தரவு. பெயர் பிழையாகியிருந்தால் அவருக்குத் தனியே இரண்டு வரி எழுதி, அடுத்த கடிதத்திலிருந்து சரியாக எழுத வேண்டும். தேதி தவறியிருந்தால் மட்டும் எல்லோருக்கும் உடனே திருத்தம் போக வேண்டும். பொருள் வரியிலேயே ‘திருத்தம்: கருத்தரங்கு 2026 ஜூன் 7, ஞாயிறு’ என்று போட்டு, உள்ளே சரியான தேதியை மட்டும் எழுதுங்கள். பழைய தவறான தேதியை அருகில் வைத்து விளக்கம் சொல்லப் போனால், அவசரமாகப் படிப்பவர் மறுபடியும் அதையே குறித்துக்கொள்வார்.